விருது வாங்கியதைத் தம்பட்டம் இல்லாமல் எப்படி எழுதுவது?

ஐயா, வணக்கம். திண்டுக்கல்லில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். போன வாரம் எங்கள் மாவட்டச் சிறுதொழில் சங்க விழாவில், உணவுத் தயாரிப்புப் பிரிவில் 'இந்த ஆண்டின் பெண் தொழில்முனைவோர்' என்று எனக்கு ஒரு கேடயமும் 10,000 ரூபாயும் கொடுத்தார்கள். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டே ஆக வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். "ஊர்க்கண் பட்டுடும், பேசாம இரு" என்கிறார் அம்மா. நான் எழுதிப் பார்த்தது இது:

"மாவட்டத்தின் நம்பர் 1 மாவு என்ற மாபெரும் விருதை வென்றுள்ளோம் என்பதை மிகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எங்கள் கடின உழைப்புக்கும் தரத்துக்கும் கிடைத்த அங்கீகாரம் இது. வாடிக்கையாளர்களே எங்கள் தெய்வம். எங்களிடம் குடும்பம் போலப் பணிபுரியும் ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி."

படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் பெயரைப் போடலாமா? ஒருவரைச் சொல்லி ஒருவரை விட்டால் வம்பு. கேடயத்தைக் கடையில் எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

'மிகத் தாழ்மையுடன்' என்ற இரண்டு சொல்லையும் விரலால் மறைத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். தாழ்மை என்று ஒன்று அந்தப் பத்தியில் வேறு எங்காவது இருக்கிறதா? இல்லை. நம்பர் 1, மாபெரும், வென்றுள்ளோம், கடின உழைப்பு, தரம் என்று எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. அதை நீங்களே உணர்ந்துதான் நடுவில் தாழ்மையைச் செருகியிருக்கிறீர்கள். கூச்சம் அங்கேதான் வருகிறது. அடக்கத்தை அறிவிக்க முடியாது. 'அடியேன்', 'எளியவன்' என்று ஆரம்பிக்கும் மேடைப் பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா என்ன.

கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் அழைத்துப் பேசினேன். நான் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் விளம்பரம் எழுதிக் கொடுக்கிறவன். எழுத உட்காரும் முன் அரை மணி நேரம் கேள்வி கேட்பதுதான் இதில் பாதி வேலை. அன்றைக்கு நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன இரண்டு மூன்று விஷயங்கள் உங்கள் பதிவில் இல்லவே இல்லை. அவற்றுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் விருதைப் பற்றி.

உங்கள் வரைவின் முதல் வரியில் ஒரு பிழை இருக்கிறது. அடக்கக் குறைவைச் சொல்லவில்லை, தகவல் பிழையைச் சொல்கிறேன். சங்கம் மாவுக்குப் பரிசு கொடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதுவும் ஒரு பிரிவில், ஒரு ஆண்டுக்கு. மாவட்டத்தில் இருக்கிற எல்லா மாவையும் வரிசையாக வைத்து யாரும் இட்லி ஊற்றிப் பார்க்கவில்லை. அப்படியிருக்க 'மாவட்டத்தின் நம்பர் 1 மாவு' என்று எழுதினால் கேடயத்தில் பொறித்திருப்பது ஒன்று, நீங்கள் சொல்வது வேறொன்று. விழாவுக்கு வந்திருந்த நூறு பேரில் யாராவது ஒருவர் அதைக் கவனிப்பார். பக்கத்துத் தெருவில் மாவு அரைக்கிறவர் கட்டாயம் கவனிப்பார்.

இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. உங்கள் கடை வியாபாரத்துக்காகப் போடுகிற பதிவும் விளம்பரம்தான். விருதை விளம்பரத்தில் சொல்வதற்கென்றே இந்திய விளம்பரத் தர கவுன்சில் வழிகாட்டு விதிகள் வைத்திருக்கிறது. யார் கொடுத்த விருது, எப்போது கொடுத்தது என்பது தெரிய வேண்டும், ஒரு விருதை வைத்துக்கொண்டு 'நாங்களே முதலிடம்' என்று சொல்லக் கூடாது என்பது அவற்றின் சாரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. உங்கள் மாவுக்கடையைத் தேடிக்கொண்டு அதற்காக யாரும் வரப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் சட்டம் கேட்பதும் அடக்கம் கேட்பதும் இங்கே ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். சங்கத்தின் பெயர், பிரிவின் பெயர், ஆண்டு மூன்றையும் உள்ளபடி போட்டாலே பெருமையடிப்பதில் பாதி தானாகக் கழன்றுவிடும். விருதைப் பெரிதாக்கத்தான் 'மாபெரும்' தேவைப்படுகிறது. உள்ள அளவில் சொன்னால் அதற்கு வேலையே இல்லை.

ஒரு கேள்வியை நான் போனிலேயே கேட்டேன். 'நுழைவுக் கட்டணம், விழா மேசை, மலரில் விளம்பரம் என்று எதற்காவது பணம் கட்டினீர்களா?' இல்லை என்றீர்கள், இரண்டு பேர் நேரில் வந்து கடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னீர்கள். நல்லது. இப்போதெல்லாம் 'உங்கள் நிறுவனம் தேர்வாகியிருக்கிறது, இத்தனை ஆயிரம் கட்டினால் ஓட்டலில் விழா' என்று அழைப்பு வருவது சகஜம். அந்த வகை விருதுக்கு நான் பதிவு எழுதித் தருவதில்லை. அதில் எத்தனை அடக்கமாக எழுதினாலும் பொய் பொய்தான்.

இனி அம்மாவும் வீட்டுக்காரரும். இருவர் சொல்வதும் சரி, ஆனால் இருவர் மனதிலும் இருக்கிற ஆட்கள் வேறு வேறு. நன்னூல் பாயிரத்தில் இதைப் பற்றி ஒரு அழகான பேச்சு உண்டு. எவ்வளவு பெரிய நூலை எழுதியிருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்தில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்கிற நான்கு இடங்களை அது சொல்கிறது. அந்த நான்கில் ஒன்று, தன்னுடைய ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. உங்கள் வீட்டுக்காரர் அந்த அறியாதவர்களை நினைக்கிறார். உங்களிடம் இன்னும் மாவு வாங்காத மளிகைக் கடைக்காரருக்கும், நாளைக்குக் கடன் கேட்டுப் போகும் வங்கி மேலாளருக்கும் இந்த விருது தெரியத்தான் வேண்டும். அம்மா தெரிந்தவர்களை நினைக்கிறார். தினமும் உங்களிடம் வாங்குகிறவர், எதிர் வீட்டுக்காரர், சொந்தக்காரர். இவர்களுக்கு உங்களைப் பற்றி நீங்களே எடுத்துச் சொல்ல ஒன்றுமே இல்லை. இவர்களிடம் சொல்ல வேண்டியது நன்றி மட்டும்தான்.

ஆகவே விருதுக்கு ஒரே வரி. அறியாதவருக்கு அது போதும். மீதி எல்லாம் அறிந்தவருக்கு. பதிவின் வடிவம் இதுதான்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதில் தமிழே உங்களுக்கு உதவுகிறது. 'வென்றோம்' என்றால் செய்தவர் நீங்கள், தோற்றவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பிரிவுக்கு விண்ணப்பித்த மற்ற பெண்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தானே. 'எனக்குக் கிடைத்தது' என்றால் கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிகிறார், தோற்றவர் யாரும் இல்லை. 'எங்களுக்குக் கிடைத்தது' என்று எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். உங்கள் பெயருக்கு வந்த விருதைப் பன்மையாக்குவது அடக்கம் மாதிரி தெரிந்தாலும் கேடயத்தில் இருப்பது ஒரு பெயர்தான். 'எனக்கு' என்று ஒருமுறை நேராகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தச் சொல் மறுபடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

இன்னொரு சிறிய விஷயம். 'எங்களிடம் பணிபுரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'என்னோடு வேலை செய்கிற' என்று மாற்றுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் 'என்னோடு சேர்த்து ஆறு பேர்' என்று இயல்பாக வந்த சொல்தான் அது. பதிவு எழுத உட்கார்ந்ததும் நீங்கள் முதலாளியாகிவிட்டீர்கள். 'குடும்பம் போல' என்பதையும் எடுத்துவிடுங்கள். சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தச் சொல் கேட்கும் விதமே வேறு. குடும்பம் என்றால் லீவு கேட்க முடியாது என்று அர்த்தம் என்று ஒரு தையல்காரப் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது நன்றி. வாடிக்கையாளரைத் தெய்வம் என்று எழுதாத கடை திண்டுக்கல்லில் ஒன்றாவது இருக்குமா? எல்லாரும் சொல்கிற நன்றியில் யாரும் தன்னைப் பார்க்க முடியாது. படிக்கிற நூறு பேரில் ஐந்து பேராவது 'அட, இது நம்மைத்தான்' என்று நினைக்க வேண்டும். மற்ற 95 பேருக்கும் அந்த ஐந்து பேரைப் பார்த்துத்தான் நம்பிக்கை வரும்.

போனில் நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? போன வருடம் மே மாதம் காலையில் கொடுத்த மாவு சாயங்காலத்துக்குள் புளித்துப் பாக்கெட் பந்து மாதிரி உப்பிப்போனது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று பாக்கெட்டைப் பையில் போட்டு எடுத்துவந்து, சத்தம் போடாமல் மேசையில் வைத்து, எத்தனை மணிக்கு வாங்கினேன், எங்கே வைத்திருந்தேன் என்று விவரமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் முன்னிரவில் அரைத்து வைப்பதை விட்டுவிட்டு விடிகாலை 4 மணிக்கு அரைக்க ஆரம்பித்தீர்கள். கிரைண்டர் ஓட ஓட மாவு சூடாகிறது என்று தெரிந்து ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்தீர்கள். டெலிவரிக்குத் தெர்மோகோல் பெட்டி வந்தது. இந்த வருடம் மே மாதத்தில் திரும்பி வந்த பாக்கெட்டுகளை விரல் விட்டு எண்ணலாம் என்றீர்கள்.

இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். 'நம்ம தப்ப நாமளே சொல்றதா சார்' என்றீர்கள். சொல்லுங்கள். விருது அறிவிக்கிற அன்றைக்குத்தான் சொல்ல வேண்டும். வேறு எந்த நாளிலும் அது குறையாகத் தெரியும், அன்றைக்கு மட்டும்தான் அது நன்றியாகத் தெரியும். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று எழுதியிருந்தால் நம்பாதவர்கூட, ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறார்கள் என்றால் நம்புவார். நீங்கள் உங்களைப் புகழவும் இல்லை. அந்த அம்மாவைத்தான் புகழ்ந்தீர்கள். ஆனால் ஒன்று, அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 'உங்க பேரு போடலம்மா, இந்த விஷயத்த மட்டும் எழுதிக்கலாமா?' என்றால் போதும். அவர் புகார் சொன்னதை நீங்கள் ஊருக்குச் சொல்வதாக அவருக்குப் பட்டுவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. தப்பைச் சொல்வது என்றால் சரிசெய்து முடித்த தப்பை மட்டும்தான். இன்றைக்கும் பாக்கெட் உப்பிக்கொண்டிருந்தால் அதைப் பற்றி எழுதாதீர்கள், போய் அதைச் சரிசெய்யுங்கள்.

வேலை செய்கிறவர்கள் விஷயத்தில் நான் பட்ட கதையைச் சொல்கிறேன். எழுத்துக்கு வருவதற்கு முன் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. ஒரு காலண்டர் வேலைக்குப் பரிசு கிடைத்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் கால் பக்கம் நன்றி விளம்பரம் கொடுத்தேன், எல்லாரும் நிற்கிற படத்தோடு. படம் அகலமாக இருந்ததால் ஓரத்தை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். ஓரத்தில் நின்றவர் பைண்டிங் பார்க்கிற பெரியவர். ஒன்பது வருடம் என்னோடு இருந்தவர். ஓரமாக நிற்பதுதான் அவர் சுபாவம். விளம்பரம் வந்த அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல டீ குடித்தார். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் தாத்தாவைத் தேடியிருக்கிறார்கள் என்பது இரண்டு மாதம் கழித்து, அவர் வேறு இடத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே உங்கள் பயம் நியாயமானது, ஆனால் 'அனைவருக்கும் நன்றி' அதற்கு மருந்து இல்லை. உங்களிடம் ஐந்து பேர்தான். ஐந்து பேரையும் சொல்லிவிடுங்கள். ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்தில்தான் இது சிக்கல். அங்கே பிரிவு பிரிவாகச் சொல்லி, பெயர்ப் பட்டியலைப் படத்துக்குக் கீழே போடச் சொல்வேன். ஐந்து பேருக்கு அந்தத் தந்திரமெல்லாம் வேண்டாம். வம்பு வருவது பெயர் போடுவதால் இல்லை, அளவு மாறுவதால். ஒருவருக்கு நான்கு வரி, இன்னொருவருக்கு 'மற்றும்' என்றால் அங்கே புகைச்சல் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம், ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் இருவருக்கும் சேர்த்து ஒன்று, ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் செய்கிற வேலை. 'அயராது உழைத்த' என்று எழுதாமல் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். உங்கள் கிரைண்டர் அக்கா உளுந்து மாவில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டு, மிதந்தால்தான் கிரைண்டரை நிறுத்துவார் என்றீர்களே, அதைவிடப் பெரிய பட்டம் அவருக்குக் கொடுக்க முடியாது. வரிசையைப் பற்றியும் யாராவது முணுமுணுப்பார்கள். வேலை நடக்கிற வரிசையிலேயே எழுதிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. ஊறப்போடுவது, அரைப்பது, பாக்கெட் போடுவது, கொண்டுபோவது.

பெயரும் படமும் போட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறவரும் தலையாட்டிவிடுவார். பாக்கெட் போடுகிற பெண்களில் ஒருத்தி தன் படம் ஃபேஸ்புக்கில் வருவதை வீட்டில் விரும்ப மாட்டார்கள் என்று சொல்லலாம். அப்படியானால் அவள் கை மட்டும் தெரிகிற படம் எடுங்கள். பெயருக்குப் பதில் என்ன போடலாம் என்று அவளையே கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த 10,000 ரூபாய். ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 2,000. பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம், கிரைண்டருக்குக் கல் மாற்ற வேண்டியிருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் பணத்தை நீங்கள் வைத்துக்கொண்டு 'இது உண்மையில் அவர்கள் வாங்கிய விருது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதிவைப் படிக்கிற ஆயிரம் பேருக்கு அது உருக்கமாக இருக்கும், அந்த ஐந்து பேருக்கு மட்டும் கணக்குத் தெரியும். பிரித்துக் கொடுத்தால் அதையும் பதிவில் சொல்லாதீர்கள். பதிவைப் போடும் முன் காலை வேலை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் ஐந்து பேருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள். 'நான் அஞ்சு மணிக்கு வர்றதில்லக்கா, நாலே முக்கால்' என்று யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தம் பொன்னானது.

நீங்கள் சொன்னவற்றை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது. பெயர்கள் வரும் இடத்தில் நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே போட்டுக்கொள்ளுங்கள்.

"கடந்த வாரம் மாவட்டச் சிறுதொழில் சங்கத்தின் விழாவில், உணவுத் தயாரிப்புப் பிரிவில் இந்த ஆண்டின் பெண் தொழில்முனைவோர் விருது எனக்குக் கிடைத்தது. சங்கத்துக்கு நன்றி.

போன வருடம் மே மாதம் நம் மாவு சாயங்காலத்துக்குள் புளித்துப் பாக்கெட் உப்பிப்போனது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வேறு கடைக்குப் போகாமல், பாக்கெட்டைக் கையோடு கொண்டுவந்து என்ன ஆனது என்று பொறுமையாகச் சொன்ன ஆசிரியை அம்மாவுக்கும், போன் செய்து சொன்ன மற்றவர்களுக்கும் முதல் நன்றி. விடிகாலையில் அரைப்பதும், வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைப்பதும் நீங்கள் சொன்ன பிறகு வந்த பழக்கம்.

4 மணிக்குக் கிரைண்டரைப் போட்டு, உளுந்து மாவு தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்துகிறார் அக்கா. பாக்கெட்டில் காற்று நிற்காமல் ஒட்டுகிறவர்கள் இரண்டு தங்கைகள், எடை குறைந்தால் என்னையும் விடுவதில்லை. உங்கள் வீட்டு வாசலுக்கு 7 மணிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் இரண்டு தம்பிகள், மழையிலும்கூட. என்னோடு வேலை செய்கிற இந்த ஐந்து பேருக்கும் நன்றி.

விழாவுக்கு மறுநாளும் 4 மணிக்கு மாவு அரைத்தோம். எந்தப் பாக்கெட்டாவது சரியில்லை என்றால் போன வருடம் மாதிரியே சொல்லுங்கள்."

'நம் மாவு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? 'எங்கள் மாவு' என்றால் வாங்குகிறவர் வெளியே நிற்கிறார். 'நம் மாவு' என்றால் அவரும் உள்ளே வருகிறார். இந்த வசதி தமிழில் இருக்கிறது, ஆனால் ஒருமுறை போதும். எல்லா இடத்திலும் 'நாம்' போட்டால் அரசியல் கூட்டம் மாதிரி ஆகிவிடும். அரைக்கிறது நீங்கள்தான், அதனால் 'அரைத்தோம்' என்பது உங்கள் ஆறு பேருடைய 'அரைத்தோம்' ஆகவே இருக்கட்டும்.

'இந்த மகிழ்ச்சியை முன்னிட்டு 10 சதவீதத் தள்ளுபடி' என்று கடைசியில் ஒட்டச் சொல்லி வீட்டுக்காரர் கேட்பார் என்று நினைக்கிறேன். தள்ளுபடி கொடுங்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து, தனியாக. நன்றியும் விலையும் ஒரே பதிவில் இருந்தால் நன்றி விலைக்கு முன்னுரையாகிவிடும். அதேபோல 'ஆரோக்கியமான', 'உடலுக்கு நல்ல' என்று எதையும் விருதோடு சேர்க்காதீர்கள். சங்கம் மாவின் சத்தைச் சோதித்து விருது தரவில்லை, உணவுப் பொருளுக்கு அந்த மாதிரி உரிமை கோருவதற்குத் தனி விதிமுறைகளே இருக்கின்றன.

ஃபேஸ்புக்கில் இதை முழுதாகப் போடலாம். முதல் சில வரிகளுக்கு மேல் 'மேலும் பார்க்க' என்று மடித்துவிடும், அதனால்தான் விருதை முதல் வாக்கியத்திலேயே முடித்தேன். வாட்ஸ்அப்புக்கு இது நீளம். முதல் வாக்கியமும், ஆசிரியை அம்மா வாக்கியமும், கடைசி வரியும் போதும். ஒலிபரப்புப் பட்டியலில் ஒன்றுக்கு 256 பேர் வரைதான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுக்களில் நீங்களே போடாதீர்கள். அங்கே இருக்கிற வாடிக்கையாளர் யாராவது பகிர்ந்தால் பகிரட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

படம் ஒன்று போதும். மேடையில் சால்வையோடு நிற்கிற படத்தை நான் எடுக்க மாட்டேன். அம்மா பயப்படுகிற கண் அந்தப் படத்தில்தான் விழும். கடையில், வேலை நடக்கிற இடத்தில், ஆறு பேரும் நிற்கிற படம் எடுங்கள். கேடயம் உங்கள் கையில் வேண்டாம், நடுவில் மேசையில் இருக்கட்டும். எடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: தலையில் வலை, கையில் உறை, பின்னால் சுவர், தரையில் ஈரம். உணவுக் கடைப் படத்தை மக்கள் முகத்துக்காகப் பார்ப்பதில்லை, சுத்தத்துக்காகப் பார்ப்பார்கள். அழகான நன்றிக்குக் கீழே 'தலைக்கு எதுவும் போடலையா?' என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் மீதிப் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான் நடக்கும். யாரையும் ஓரத்தில் வெட்டாமல் இருக்க, கொஞ்சம் பின்னால் போய் நின்று எடுங்கள்.

அப்புறம் கீழே வருகிற பதில்கள். 'போன ஞாயிறு வாங்கினது புளிச்சுப்போச்சே' என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். அதை அழிக்காதீர்கள், விருதைக் காட்டி வாதாடவும் வேண்டாம். 'எந்த நேரத்தில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று எழுதிவிட்டு உண்மையிலேயே கூப்பிடுங்கள். கடைசி வரியில் நீங்கள்தானே கேட்டீர்கள், அவர் சொல்லிவிட்டார். வாழ்த்துகிறவர்களில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பெயர் சொல்லி ஒரு வரி பதில் எழுதினால் போதும், மற்றவர்களுக்கு ஒரு கைகூப்பு.

கேடயத்தைக் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பணம் கொடுக்கிறவர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கும். கிரைண்டர் அறையிலும் வேண்டாம், மாவு தெறித்து ஒரு மாதத்தில் எழுத்துத் தெரியாது. பாக்கெட் போடுகிற மேசைக்கு மேலே ஒரு அலமாரி இருக்கிறது என்றீர்கள், உணவுப் பாதுகாப்பு உரிமத்தை மாட்டியிருக்கிற சுவரில். அங்கே வையுங்கள். வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தால் தெரியும், வேலை செய்கிறவர்களுக்கு நாள் முழுக்கத் தெரியும். பாக்கெட்டில் விருதை அச்சடிக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டால், ஆண்டும் பிரிவும் சேர்த்துச் சின்ன எழுத்தில் போடலாம் என்று சொல்லுங்கள். ஆனால் கையிலிருக்கிற பழைய பாக்கெட் சுருள் தீர்ந்த பிறகு.